பேட்டரியை மாற்றினால் முள் எங்கே நிற்கும்?

பிளஸ் டூ இயற்பியல் செய்முறைத் தேர்வில் சோதனையைச் செய்து முடித்த பிறகுதான் பல மாணவர்களுக்கு உள்ளங்கை வியர்க்கும். அடுத்து வருவது வைவா. சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தில் 30 மதிப்பெண் செய்முறைத் தேர்வில் இந்த வாய்மொழிக் கேள்விகளுக்கு 5 மதிப்பெண். அதற்காக ஓம் விதி, தன் மின்தடை எண், அவற்றின் அலகு என்று வரிசையாக ஒப்பித்துக்கொண்டு வருகிறார்கள். விஷயம் தெரிந்த தேர்வாளர் அதையெல்லாம் சீக்கிரம் தாண்டிவிடுவார். மேசைமேல் இருக்கும் கருவியில் ஏதாவது ஒன்றை மனக்கணக்கில் மாற்றிவிட்டு, "இப்போது என்ன ஆகும், சொல்லும்மா" என்று கேட்பார். மனப்பாடம் அந்த இடத்தில் நின்றுவிடும்.

மீட்டர் சமனச்சுற்றையே எடுத்துக்கொள்வோம். ஒரு மரப்பலகை, அதன்மேல் அளவுகோலை ஒட்டி இழுத்துக் கட்டிய ஒரு மீட்டர் கம்பி, ஓரங்களில் தடித்த செம்புப் பட்டைகள். பட்டைகளுக்கு நடுவே இரண்டு இடைவெளிகள். இடப்பக்க இடைவெளியில் மின்தடை தெரியாத கம்பிச்சுருள், வலப்பக்க இடைவெளியில் மின்தடைப் பெட்டி. இரண்டுக்கும் நடுவிலிருந்து கால்வனோமீட்டருக்கு ஓர் ஒயர் போகும். அதன் மறுமுனையில் ஜாக்கி. ஜாக்கியைக் கம்பியில் அங்கங்கே தொட்டுப் பார்க்க வேண்டும். முள் அசையாத இடம்தான் சமன்புள்ளி. இந்தச் சுற்றை 1833-ல் முதலில் விவரித்தவர் சாமுவேல் ஹன்டர் கிறிஸ்டி. 1843-ல் அதை எல்லோரும் அறியச் செய்த சார்லஸ் வீட்ஸ்டனின் பெயர்தான் நிலைத்தது.

தேர்வாளர் வழக்கமாக மின்தடைப் பெட்டியில் தொடங்குவார். "இரண்டு ஓம் வேண்டுமானால் பிளக்கைச் செருக வேண்டுமா, உருவ வேண்டுமா?" உருவ வேண்டும். பிளக் செருகியிருக்கும்போது மின்னோட்டம் தடித்த பித்தளை வழியாகவே போய்விடுகிறது. அதை உருவினால்தான் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் வழியாகப் போயாக வேண்டும். இது புரிந்தவருக்கு அடுத்த கேள்வியும் எளிது: உருவாத மற்ற பிளக்குகளை ஏன் ஒருமுறை அழுத்தித் திருகிவிட வேண்டும்? தளர்ந்த பிளக்கும் ஒரு சிறு மின்தடைதான். பெட்டி காட்டும் எண்ணில் அது சேராது, சுற்றில் மட்டும் சேர்ந்துவிடும்.

அதன்பின் வரும் கேள்வியில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். 1.5 வோல்ட் செல்லை எடுத்துவிட்டு 3 வோல்ட் பேட்டரி வைத்தால் சமன்புள்ளி எந்தப் பக்கம் நகரும்? "வலப்பக்கம்" என்பார் ஒருவர், "இடப்பக்கம்" என்பார் இன்னொருவர். எங்கும் நகராது என்பதுதான் விடை. ஒரே பேட்டரியின் மின்னோட்டம் இரண்டு வழிகளில் பிரிகிறது: ஒன்று நீண்ட கம்பி வழியாக, மற்றொன்று கம்பிச்சுருளும் பெட்டியும் உள்ள வழியாக. வோல்ட் இரண்டு மடங்கானால் இரு வழிகளிலும் எல்லாமே இரண்டு மடங்காகும். முன்பு சமமாக இருந்த இரு புள்ளிகள் இப்போதும் சமமாகவே இருக்கும். சமன்புள்ளியைத் தீர்மானிப்பது இரு மின்தடைகளின் விகிதம் மட்டுமே.

நல்ல தேர்வாளர் அதோடு விடமாட்டார். "அப்படியானால் பேட்டரியை மாற்றியதால் எதுவுமே மாறவில்லையா?" மாறுகிறது. சமன்புள்ளியிலிருந்து சற்றே விலகினாலும் முள் முன்னைவிட அதிகமாக விலகும், அதனால் புள்ளியைக் கண்டுபிடிப்பது எளிது. ஆனால் கம்பி சூடாகும். சூடானால் மின்தடையும் மாறும். அளவு எடுக்கும் நேரம் மட்டும் சாவியை மூட வேண்டும் என்று ஆசிரியர் சொல்வது இதனால்தான்.

மீட்டர் சமனச்சுற்றின் மிக அழகான கேள்வி, ஒரு கோளாறைப் பற்றியது. சுற்றை இணைத்ததும் ஜாக்கியைக் கம்பியின் இட முனையில் ஒருமுறை, வல முனையில் ஒருமுறை தொட்டுப் பார்ப்பார்கள். முள் எதிரெதிர்ப் பக்கம் விலகினால் இணைப்பு சரி. சமன்புள்ளி நடுவில் எங்கோ இருக்கிறது என்று பொருள். இட முனையில் முள் நன்றாக விலகுகிறது, ஜாக்கியை வலப்பக்கம் நகர்த்த நகர்த்த விலகல் குறைகிறது, வல முனையில் சுழியாகிறது, ஆனால் மறுபக்கம் திரும்பவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். எங்கே பழுது?

பழுது இடப்பக்க இடைவெளியில். அங்கே கம்பிச்சுருள் அறுந்திருக்கலாம், அல்லது திருகு தளர்ந்திருக்கலாம். இடப்பக்க வழி துண்டானால், கால்வனோமீட்டரின் நடு முனைக்கு மிஞ்சும் ஒரே தொடர்பு மின்தடைப் பெட்டி வழியாக வல முனையோடுதான். ஆகவே அதன் மின்னழுத்தமும் வல முனையின் மின்னழுத்தமாகவே இருக்கும். ஜாக்கி வல முனையை அடையும்போது மட்டும் இரண்டும் சமமாகின்றன. முள் எந்த முனையில் சுழியாகிறதோ, அதற்கு எதிர்ப்பக்க இடைவெளியைப் பரிசோதிக்க வேண்டும். எந்த முனையிலும் முள் அசையவே இல்லை என்றால், பேட்டரி இணைப்பையோ கால்வனோமீட்டர் இணைப்பையோ பார்க்க வேண்டும். இதைக் காரணத்தோடு சொல்லும் மாணவி சுற்றை முழுதாகப் புரிந்துகொண்டவள். அவளிடம் வீட்ஸ்டன் தத்துவத்தைத் தனியாகக் கேட்கத் தேவையில்லை.

சமன்புள்ளி ஏன் கம்பியின் நடுப்பகுதியில் விழ வேண்டும் என்பதும் வழக்கமான கேள்வி. "அதுதான் துல்லியம்" என்று நிறுத்தாமல் கணக்குப் போட்டுக் காட்டலாம். 50 செ.மீ.யில் ஒரு மில்லிமீட்டர் தவறினால் விடையில் 0.4 சதவீதப் பிழை வரும். அதே ஒரு மில்லிமீட்டர் 5 செ.மீ.யில் தவறினால் பிழை 2 சதவீதத்தைத் தாண்டிவிடும். பெட்டியில் எடுக்கும் ஓம் மதிப்பை மாற்றிச் சமன்புள்ளியை நடுவுக்குக் கொண்டுவருவது இதற்காகத்தான்.

பிறகு, கம்பிச்சுருளையும் பெட்டியையும் இடம் மாற்றி ஏன் மறுபடி அளக்கிறோம்? பெட்டியில் 2 ஓம் எடுத்து, சமன்புள்ளி 55.0 செ.மீ.யில் கிடைத்தால், கம்பிச்சுருளின் மின்தடை 2 × 55/45, அதாவது 2.44 ஓம். இடம் மாற்றினால் சமன்புள்ளி 45.0-ல் வர வேண்டும். அது 44.4-ல் வந்தால் விடை 2.50 ஓம் ஆகிறது. கம்பியின் இரு முனைகளிலும் அது பட்டையோடு சேரும் இடங்களில் உள்ள சிறு மின்தடைகள் ஒரே அளவாக இல்லாததால் இந்த வித்தியாசம் வருகிறது. இரண்டின் சராசரி 2.47. இரு முனைகளுக்கும் பொதுவாக உள்ள மின்தடையை இந்தச் சராசரி நீக்கிவிடாது. ஆனால் சமன்புள்ளி நடுவருகே இருக்கும்வரை அதன் பாதிப்பு மிகக் குறைவு. ஒரு ஓமில் நூறில் ஒரு பங்கு போன்ற மிகச் சிறிய மின்தடைகளை இந்தக் கருவியில் நம்பி அளக்க முடியாததும் இதே முனைகளால்தான்.

கடைசியாக ஒரு கேள்வி: "இந்தச் சோதனையில் எந்த அளவை மிகக் கவனமாக எடுக்க வேண்டும்?" எல்லோரும் சமன்புள்ளியைக் காட்டுவார்கள். ஆனால் தன் மின்தடை எண்ணைக் கணக்கிடும் வாய்பாட்டில் கம்பியின் ஆரம் இருமடியாக வருகிறது. கம்பியின் விட்டம் 0.40 மி.மீ. என்றால், 0.01 மி.மீ. வரை காட்டும் திருகு அளவியில் ஒரு பிரிவு தவறினாலே 2.5 சதவீதப் பிழை. இருமடியில் அது 5 சதவீதம். சமன்புள்ளியில் ஒரு மில்லிமீட்டர் தவறுவதைவிடப் பத்து மடங்குக்கும் மேல். திருகு அளவியின் சுழிப் பிழையை முதலில் பார்த்துவிட்டு, கம்பியின் பல இடங்களில், ஒவ்வோர் இடத்திலும் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளில் விட்டத்தை அளக்கச் சொல்வது அதற்காகவே.