தொண்ணூறு நாள் கழித்து கம்பெனிக்கு மார்க் போடுவது

வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் முடியும்போது எச்.ஆரிடமிருந்து ஒரு மெயில் வரும். "உங்கள் முதல் 90 நாட்கள் எப்படி இருந்தன?" என்று கேட்டு, ஐந்து நட்சத்திரம் உள்ள ஒரு படிவம் கூடவே இருக்கும். என்ன வேலை என்று தெளிவாகச் சொன்னார்களா, பயிற்சி போதுமானதா, மேலாளர் தேவைப்பட்டபோது கிடைத்தாரா என்று மூன்று கேள்விகள். பெரும்பாலோர் எல்லாவற்றுக்கும் நான்கு நட்சத்திரம் கொடுத்து, "குட் எக்ஸ்பீரியன்ஸ்" என்று தட்டச்சு செய்து அனுப்பிவிடுகிறார்கள். அதிலிருந்து யாரும் எதையும் தெரிந்துகொள்ள முடியாது.

மூன்று மாதக் கணக்கு நம் நாட்டில் பழையதுதான். தொழிற்சாலைகளுக்காக 1946இல் வந்த மாதிரி நிலையாணைகளிலேயே, நிரந்தர இடத்தில் தற்காலிகமாகச் சேர்ந்து மூன்று மாதம் முடிக்காதவரைத்தான் தகுதிகாண் பருவத்தினர் என்று குறிப்பிட்டார்கள். அங்கே எடைபோடப்பட்டவர் தொழிலாளி. இப்போது கம்பெனியையும் எடைபோடச் சொல்கிறார்கள். நல்லதுதான், ஆனால் எடைபோடத் தெரிய வேண்டும்.

எனக்குத் தெரிந்த பெண் ஒருவர் சென்னையில் ஒரு மெடிக்கல் பில்லிங் கம்பெனியில் ஏ.ஆர். காலராகச் சேர்ந்தார். அமெரிக்க மருத்துவர்கள் சிகிச்சை கொடுத்துவிட்டு இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் கிளெய்ம் அனுப்புவார்கள். பணம் வராமல் நின்றுபோன கிளெய்ம்களை எடுத்து, அந்த இன்சூரன்ஸ் கம்பெனிக்கே போன் போட்டு ஏன் நிற்கிறது என்று கேட்பதுதான் வேலை. அமெரிக்கப் பகல் நமக்கு இரவு என்பதால் நைட் ஷிஃப்ட். படிவத்தை முதலில் அவர் நிரப்பியபோது, "பயிற்சி சரியில்லை" என்று ஒரே வரிதான் எழுதியிருந்தார். ஏன் என்று கேட்டால், "ஆடிட்ல தொடர்ந்து மார்க் போகுதுக்கா. சொல்லிக்கொடுத்திருந்தா போயிருக்காதுல்ல?" என்றார். மார்க் போன கால்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். மூன்று வெவ்வேறு கோளாறுகள் அந்த ஒரே வரிக்குள் பதுங்கியிருந்தன.

முதலில் ஒரு கால். கிளெய்மை நிராகரிக்கும்போது இன்சூரன்ஸ் கம்பெனி ஒரு குறியீடு போடும். இதில் இருந்தது CO-29. கிளெய்ம் அனுப்ப வேண்டிய கெடு தாண்டிவிட்டது என்று பொருள். மூன்று வார வகுப்பில் இந்தக் குறியீட்டைச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், தேர்விலும் கேட்டார்கள், இவரும் சரியாகவே எழுதினார். நிஜமான கால் வந்தபோது, "கெடு தாண்டியதால் நிராகரிப்பு" என்று குறிப்பெழுதிவிட்டு வைத்துவிட்டார். ஆடிட்டர் பிழை போட்டார். அங்கே கேட்டிருக்க வேண்டியவை வேறு: கிளெய்ம் முதன்முதலில் எந்தத் தேதியில் உங்களுக்கு வந்தது, உங்கள் கெடு எத்தனை நாள், மேல்முறையீடு எங்கே, எதற்குள் அனுப்ப வேண்டும்? பிறகு, கிளெய்ம் கெடுவுக்குள் போய்ச் சேர்ந்ததற்கான ஏற்பு அறிக்கை நம் சிஸ்டத்தில் இருக்கிறதா என்று தேட வேண்டும். இருந்தால் பணம் திரும்ப வரும் வாய்ப்பு உண்டு. ஆக, வகுப்பில் குறியீட்டின் பொருள் கிடைத்தது, அடுத்த கேள்வி கிடைக்கவில்லை. இது பயிற்சிக் குறைதான். ஆனால் "பயிற்சி சரியில்லை" என்று எழுதினால் பயிற்சியாளர் வகுப்பை இன்னும் ஒரு வாரம் நீட்டுவார், அதே பொருளை மறுபடி ஒப்பிக்க வைப்பார். "அதிகம் வரும் நிராகரிப்புகளுக்கு அடுத்து என்ன கேட்க வேண்டும் என்று ஒரு தாள் வேண்டும்" என்று எழுதினால் வேலை நடக்கும்.

இரண்டாவது கோளாறு பயிற்சியோடு சம்பந்தமே இல்லாதது. ஐந்தாவது வாரத்திலிருந்து, போன் போடாமல் இன்சூரன்ஸ் வெப்சைட்டில் பார்த்துத் தீர்க்கும் கிளெய்ம்களையும் இவரிடம் தள்ளினார்கள். அது சுலபம், எண்ணிக்கை அதிகம் வரும். போனில் அப்படியல்ல, ஹோல்டிலேயே அரை மணி நேரம் போய்விடும், எடுத்தவரும் ஒரு காலில் மூன்று கிளெய்முக்கு மேல் பேச மாட்டேன் என்பார். ஆஃபர் லெட்டரில் இருந்தது போன் வேலை மட்டும். இரண்டும் கலந்த நாளில் டார்கெட் எது என்று யாரும் சொல்லவில்லை. டீம் லீடர் ஒரு கணக்கு வைத்திருந்தார், ரிப்போர்ட் போடுகிறவர் இன்னொன்று வைத்திருந்தார். எண்ணிக்கையைப் பிடிக்கப்போய் போன் கால்களை அவசரமாக முடித்தார், அதனால் ஆடிட்டில் அடி. பதவியின் பெயர் தெரிந்திருப்பதும் பணியில் தெளிவு இருப்பதும் வேறுவேறு. இன்றைக்கு நான் செய்ததை எதைக் கொண்டு அளப்பார்கள் என்று இரண்டு பேரைத் தனித்தனியே கேளுங்கள். ஒரே பதில் வந்தால் தெளிவு இருக்கிறது.

மூன்றாவது, மேலாளர். "டி.எல். ரொம்ப நல்லவருக்கா, கத்தவே மாட்டார்" என்று அவருக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார். குணத்துக்கு மார்க் போடுவது இந்தப் படிவத்தில் நடக்கும் பெரிய தப்பு. கேட்பது அவர் கிடைத்தாரா என்றுதான். நல்ல வேளையாக, அவரிடம் கேட்ட சந்தேகங்கள் எல்லாம் ஆபீஸ் சாட்டில் நேரத்தோடு அப்படியே இருந்தன. ஒன்பது நாற்பதுக்குக் கேட்டது, பதில் பன்னிரண்டேகாலுக்கு. பத்து மணிக்குக் கேட்டதற்கும் நள்ளிரவு தாண்டித்தான். அந்தக் கால் எப்போதோ முடிந்து குறிப்பும் எழுதியாகிவிட்டது. தாமதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு ஒழுங்கு தெரிந்தது: எல்லாமே ஷிஃப்டின் நடுப்பகுதியில். அது அமெரிக்காவில் பகல் நேரம், கிளையன்ட்டுகள் மீட்டிங் போடும் நேரம். டீம் லீடர் தினமும் அதில் மாட்டிக்கொண்டிருந்தார், கீழே பதினெட்டுப் பேர் வேறு. மனிதர் மேல் குற்றமில்லை. புதியவர்களுக்குச் சந்தேகம் அதிகம் வரும் நேரத்தில் பதில் சொல்ல ஆளே இல்லாமல் ஷிஃப்டைப் போட்டவர்கள் மேல்தான் குற்றம்.

இந்த மாதிரி நேரம் குறித்த நாலைந்து உதாரணம் போதும், நட்சத்திரமே தேவையில்லை. நினைவிலிருந்து எழுதினால் கடைசி வாரம் மட்டும்தான் எழுத்தில் வரும். அந்த வாரம் யாராவது திட்டியிருந்தால் மொத்தமும் கசப்பாகிவிடும். சேர்ந்த நாளிலிருந்தே, கேட்ட கேள்வி, கேட்ட நேரம், பதில் வந்த நேரம் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வருவது நல்லது. நோயாளி பெயர், கிளெய்ம் எண் எதுவும் அதில் கூடாது. இந்தத் தொழிலில் அது வேலையையே பறித்துவிடும்.

இதிலுள்ள சங்கடத்தையும் சொல்லத்தான் வேண்டும். பெயர் வராது என்று படிவம் சொல்லும். ஒரு பேட்ச்சில் எட்டுப் பேர்தான் இருந்தால், எழுதியது யார் என்று டீம் லீடருக்கு நடையிலேயே தெரிந்துவிடும். பணி உறுதியாவதும் அதே வாரங்களில்தான். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947இன் 41ஆம் பிரிவின்படி, தொடர்ந்து ஆறு மாதம் வேலை பார்த்தவரைத் தக்க காரணமும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இல்லாமல் நீக்க முடியாது. மூன்றாவது மாதத்தில் நிற்பவருக்கு அந்தக் குடை இன்னும் விரியவில்லை. அதனால் ஆளைப் பற்றி எழுதாமல் நேரத்தையும் வேலையையும் பற்றி எழுதுவது நியாயம் மட்டுமல்ல, பாதுகாப்பும்கூட. அவருடைய புதுப் படிவத்தில் டீம் லீடரின் பெயரே இல்லை. "ஒன்பதரை முதல் பன்னிரண்டு வரை சந்தேகம் கேட்க ஒரு சீனியர் வேண்டும்" என்றுதான் இருந்தது.

அதை எச்.ஆர். ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த பேட்ச்சுக்கு அந்த நேரத்தில் ஒரு சீனியரை உட்கார வைத்தார்கள். கேள்வித் தாளைப் பயிற்சியாளர் தயாரித்துக் கொடுத்தார். டார்கெட் கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை. கிளையன்ட்டோடு போட்ட ஒப்பந்தம் சம்பந்தப்பட்ட விஷயம், எச்.ஆர். கையில் இல்லை என்றார்கள். அவர் அதை ஆபரேஷன்ஸ் மேனேஜருக்குத் தனி மெயிலாக, இரண்டு ரிப்போர்ட்டுகளில் ஒரே நாளுக்கு இருந்த இரண்டு எண்களையும் இணைத்து அனுப்பியிருக்கிறார்.