மணிக்கட்டு ஏன் வலிக்கிறது? மவுஸை எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஷிப்மென்ட் நெருங்கினால், திருப்பூர் நெருப்பெரிச்சல் பனியன் கம்பெனிகளில் கணக்கு எழுதுபவரின் கை இரவுவரை ஓயாது. வலி பெரும்பாலும் மவுஸ் பிடிக்கும் கையில்தான் தொடங்கும்.

சாதாரண மவுஸில் உள்ளங்கை மேசையைப் பார்க்கிறது. முன்கையின் ஓர் எலும்பு மற்றொன்றின் குறுக்கே புரண்டால்தான் கை அப்படி நிற்கும். அந்த முறுக்கைத் தசைகள் நாள் முழுக்கத் தாங்க வேண்டும். செங்குத்து மவுஸில் கை, கைகுலுக்கும் வாக்கில் இருப்பதால் முறுக்கு தளர்கிறது. வாங்கும்போது பிடித்துப் பாருங்கள். விரல்கள் எட்டிப் பிடித்தாலோ, சுண்டுவிரல் மேசையில் உரசினாலோ அளவு சரியில்லை. பேட்டர்ன் வரைபவருக்குத் துல்லியம் முதலில் குறையும். நுண்ணிய வேலைக்குப் பழைய மவுஸையும் சில வாரம் வைத்திருக்கலாம்.

ஆனால் மவுஸை மட்டும் மாற்றினால் போதாது. கீபோர்டின் வலப்பக்க எண்பகுதி மவுஸை வெளியே தள்ளுவதால், தோளும் கையும் அகன்றே நிற்கின்றன. டேலியில் வேலை செய்பவர் எண்பகுதியை விட முடியாது. அதனால் எண்பகுதி இல்லாத குட்டைக் கீபோர்டும், தனி நம்பர்பேடும் வாங்குவதே என் தேர்வு. நம்பர்பேடை இடப்பக்கம் வைத்துப் பழகினால் மவுஸ் உடலருகே வந்துவிடும். கீபோர்டின் பின்கால்களை மடக்கிவிடுங்கள். உயர்த்தினால் மணிக்கட்டு மேல்நோக்கி வளையும்.

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய், இரவில் தூக்கம் கலைந்தால், மணிக்கட்டு நரம்பு அழுந்துகிறதா என்று மருத்துவரிடம் பார்க்க வேண்டும். இப்படி நரம்பு அழுந்திய நோயாளிகளிடம் நடத்தி, 2015இல் வெளியான ஓர் ஆய்வில், செங்குத்து மவுஸ் மணிக்கட்டின் வளைவை மாற்றியது; நரம்புப் பாதையின் அழுத்தத்தைக் குறைக்கவில்லை.