லாக்அவுட் ஆனதும் அழியும் கணினி

பிரவுசிங் சென்டர் கணினி ஒன்றில் 'டவுன்லோட்ஸ்' ஃபோல்டரைத் திறந்து பார்த்தால் அந்த ஊரின் ஒரு மாத நடமாட்டம் தெரியும். பட்டா நகல், வில்லங்கச் சான்று, ஹால்டிக்கெட், வேலைக்கு அனுப்பிய பயோடேட்டா, ரயில் டிக்கெட். நடுவே யாரோ பதிவிறக்கிய இ-ஆதார் கோப்பும் கிடக்கும். அதற்குக் கடவுச்சொல் உண்டுதானே என்று ஆறுதல் அடைய முடியாது. பெயரின் முதல் நான்கு எழுத்துகளை ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதி, பிறந்த ஆண்டைச் சேர்த்தால் அதுதான் கடவுச்சொல். குமரன் 1990இல் பிறந்தவர் என்றால் `KUMA1990`. பெயரும் பிறந்த தேதியும் அதே ஃபோல்டரில் கிடக்கும் பயோடேட்டாவிலேயே இருக்கும்.

ஆதார் ஆணையம் பொதுக் கணினியில் இறக்கிய கோப்பை அடியோடு நீக்கிவிடச் சொல்கிறது. ஆனால் விண்ணப்பத்தின் கடைசி நாளில், பின்னால் மூன்று பேர் காத்திருக்க, பிரிண்ட் கைக்கு வந்ததும் எழுந்து ஓடுகிற மனிதரிடம் அதை எதிர்பார்க்க முடியாது. அவர் எழுந்ததும் கணினி தானாகவே துடைத்துக்கொள்ள வேண்டும். கடைக்காரர்கள் இதற்கு வழி தேடுவது புதிதல்ல. மைக்ரோசாஃப்ட் 'ஸ்டெடிஸ்டேட்' என்ற மென்பொருளை இலவசமாகவே கொடுத்துவந்தது. 2011இல் அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டது. 'டீப் ஃபிரீஸ்' இன்றும் விற்பனையில் இருக்கிறது, வேலையையும் ஒழுங்காகச் செய்கிறது. ஆனால் கணினியை ரீஸ்டார்ட் செய்தால்தான் அது பழைய நிலைக்குத் திரும்பும். காலையில் ஒருமுறை போட்டு இரவில் அணைக்கிற கடையில், அன்று வந்த அத்தனை பேரின் தடயமும் அன்று முழுக்க இருக்கும்.

லினக்ஸ் கணினிகளில் இன்னொரு வழி இருந்தது. உபுண்டுவின் 'கெஸ்ட்' கணக்கில் நுழைந்தால் தற்காலிக ஃபோல்டர் ஒன்று கிடைக்கும், வெளியேறினால் அழிந்துவிடும். பார்க்க அழகான ஏற்பாடு. 2017இல் அதில் ஓட்டை தெரிந்தது. 16.10, 17.04 பதிப்புகளில் கெஸ்டைக் கட்டிவைக்க வேண்டிய பாதுகாப்பு வேலி செயல்படவே இல்லை. அதே கணினியில் மற்றவர் வைத்திருந்த கோப்புகளை கெஸ்ட் எட்டிப்பார்க்க முடிந்தது. உபுண்டு அந்த வசதியை அணைத்துவிட்டது. ஒரே கணினிக்குள் ஒரு மூலையை மட்டும் வாடிக்கையாளருக்கு ஒதுக்கினால், அந்த மூலையின் சுவரை நம்பித்தான் எல்லாம் நிற்கிறது என்பது அப்போது தெளிவானது.

ஆகவே மூலைக்குப் பதில் ஒரு முழுக் கணினியையே கொடுத்துவிடலாம். மெய்நிகர் கணினி, அதாவது விர்ச்சுவல் மெஷின், அதற்குத்தான். மேசையில் இருக்கும் உண்மையான கணினி ஹோஸ்ட். அதற்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி கெஸ்ட். வாடிக்கையாளர் திரை முழுக்கப் பார்ப்பது கெஸ்டை மட்டுமே.

கெஸ்டின் ஹார்ட் டிஸ்க் என்பது ஹோஸ்டில் உள்ள ஒரு கோப்பு. கடைக்காரர் அதில் இயங்குதளம், பிரவுசர், தமிழ் எழுத்துருக்கள் எல்லாம் ஒருமுறை போட்டு முடிக்கிறார். இதுதான் மூலக்கோப்பு. பிறகு அதில் யாரும் கை வைப்பதில்லை. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் அதன்மேல் ஒரு மெல்லிய மேற்கோப்பு போடப்படுகிறது. படத்தின்மேல் கண்ணாடித்தாளை வைத்து எழுதுவதைப் போல: படம் தெரியும், எழுத்து மட்டும் தாளில் விழும். வாடிக்கையாளர் இறக்கிய கோப்பு, குக்கி, சேமித்த கடவுச்சொல், பென் டிரைவிலிருந்து ஏறிய வைரஸ் எல்லாமே மேற்கோப்பில்தான் விழும். பிறந்த நேரத்தில் அதன் அளவு சில நூறு கிலோபைட் மட்டுமே. அவர் போனதும் அதை அழித்துவிட்டுப் புதிது போட வேண்டும், அவ்வளவுதான்.

நான்கு கணினிகள், கவுண்டரில் ஒன்று, ஒரு லேசர் பிரிண்டர் என்று இருக்கும் கடையை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு கணினியிலும் 8 ஜிபி ரேம். ஹோஸ்டில் லினக்ஸும் கியூஎமு என்ற இலவச மென்பொருளும் இருந்தால், முழு ஏற்பாடும் இந்தச் சில வரிகளில் அடங்கும்:

```
while true; do
  rm -f /cafe/g.qcow2
  qemu-img create -f qcow2 -b /srv/base.qcow2 \
    -F qcow2 /cafe/g.qcow2
  qemu-system-x86_64 -enable-kvm -m 4096 \
    -no-reboot -monitor none \
    -display gtk,full-screen=on \
    -drive file=/cafe/g.qcow2,if=virtio -nic user
done
```

பழைய மேற்கோப்பை அழி, புதியதைப் போடு, கெஸ்டை ஓட்டு; அது அணைந்ததும் மறுபடி முதலிலிருந்து. சுழற்சி முடிவதே இல்லை. ஆனால் இது நடக்க வேண்டுமானால் கெஸ்ட் அணைய வேண்டும். வாடிக்கையாளர் 'லாக்அவுட்' கொடுத்தால் சாதாரணமாக நுழைவுத்திரைதான் வரும். கெஸ்ட் ஓடிக்கொண்டே இருக்கும், மேற்கோப்பும் அப்படியே இருக்கும். லாக்அவுட்டை அணைப்பாக மாற்ற, கெஸ்டுக்குள் நுழைவுத்திரையைக் கவனிக்கும் லைட்டிஎம் நிரலின் அமைப்பில் இவ்வளவு எழுதினால் போதும்:

```
[Seat:*]
autologin-user=cafe
session-cleanup-script=/sbin/poweroff
```

ரீஸ்டார்ட் பொத்தானை அழுத்தினால்? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கெஸ்டுக்குள் செய்யும் ரீஸ்டார்ட், மெய்நிகர் கணினியை அணைப்பதில்லை. விர்ச்சுவல்பாக்ஸில் மாறா வட்டு என்ற வசதி இருக்கிறது. அதுவும் வெளியிலிருந்து புதிதாக ஓட்டும்போதுதான் துடைக்கும், உள்ளிருந்து ரீஸ்டார்ட் செய்தால் துடைக்காது. மேலே உள்ள வரிகளில் `-no-reboot` இருப்பது இதற்காகத்தான். ரீஸ்டார்ட் கேட்டாலும் கெஸ்ட் ஒரேயடியாக அணைந்துவிடும். `-monitor none` என்பதையும் விட்டுவிடக் கூடாது. அது இல்லையென்றால் கன்ட்ரோல், ஆல்ட், 2 ஆகியவற்றைச் சேர்த்து அழுத்துகிறவர் முன்னால் கியூஎமுவின் கட்டுப்பாட்டுத்திரை திறந்துகொள்ளும்.

மேற்கோப்பை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். வட்டில் வைத்து அழித்தால் பெயர்தான் போகும். உள்ளடக்கத்தை மீட்டெடுக்கும் மென்பொருள்கள் இணையத்தில் சும்மா கிடைக்கின்றன. அதனால் `/cafe` என்பதை வட்டில் வைக்காமல், ரேமில் ஒதுக்கிய 2 ஜிபி இடமாக அமைப்பது நல்லது. மின்சாரம் போனால்கூட அதில் எதுவும் மிஞ்சாது. ஹோஸ்டின் ஸ்வாப்பையும் அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ரேமில் இருப்பது நெருக்கடியில் வட்டுக்கு இறங்கிவிடும்.

இதற்கு ஒரு விலை உண்டு. யாராவது பெரிய படம் ஒன்றை இறக்கி அந்த 2 ஜிபி நிரம்பினால், கியூஎமு கெஸ்டை அப்படியே நிறுத்திவைத்துவிடும். மவுஸ் நகராது, பிழைச்செய்தியும் வராது. வாடிக்கையாளருக்குக் கணினி உறைந்ததாகத்தான் தெரியும். பாதி நிரப்பிய விண்ணப்பம் அதோடு போகும். மின்வெட்டிலும் இதே கதிதான். துடைக்கும் கணினி வைத்திருப்பவருக்கு நல்ல யுபிஎஸ் தேவை, பெரிய கோப்புகளை நேராகப் பென் டிரைவில் இறக்கச் சொல்லும் பழக்கமும் தேவை.

மூலக்கோப்பைப் புதுப்பிக்க வேண்டிய நாளில் கடை மூடிய பிறகு, எல்லாக் கெஸ்ட்களையும் நிறுத்திவிட்டுத்தான் அதை நேரடியாக ஓட்ட வேண்டும். மேற்கோப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது அடியில் உள்ளது மாறினால் இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் கெஸ்ட் குழம்பிவிடும். இன்னொன்றும் இருக்கிறது. புதுப்பிக்கிற சாக்கில் கடைக்காரர் தன் ஜிமெயிலைத் திறந்து பார்த்துவிட்டு லாக்அவுட் செய்யாமல் மூடினால், மறுநாள் காலை முதல் வருகிற ஒவ்வொருவருக்கும் அவருடைய இன்பாக்ஸ் புத்தம்புதிதாகக் கிடைக்கும். எத்தனை முறை துடைத்தாலும் போகாது.

இத்தனைக்கும் பிறகு தடயம் எங்கே மிஞ்சும்? கவுண்டரில்.

நான்கு கெஸ்ட்களிலிருந்தும் பிரிண்ட் போகிற இடம் கவுண்டர் கணினிதான், அது துடைக்கப்படுவதில்லை. லினக்ஸில் அச்சுப்பணியைக் கவனிக்கும் கப்ஸ், அச்சடித்து முடித்த கோப்பின் நகலை இயல்பாகவே 86,400 நொடிகள், அதாவது ஒரு முழு நாள், `/var/spool/cups` ஃபோல்டரில் வைத்திருக்கும். கெஸ்டில் அழிந்த ஆதார் இங்கே பத்திரமாக இருக்கும். `cupsd.conf` கோப்பில் `PreserveJobFiles No` என்று ஒரு வரி சேர்த்தால் அச்சு முடிந்ததும் நகல் நீங்கிவிடும். ஆனால் அதைவிடப் பெரிய வாய்க்கால் ஒன்று எல்லாக் கடையிலும் ஓடுகிறது. "அண்ணே, வாட்ஸ்அப்ல அனுப்பிட்டேன், ரெண்டு காப்பி போட்டுக் குடுங்க" என்று நிற்பவரின் ஆவணம் கவுண்டரில் திறந்திருக்கும் வாட்ஸ்அப் வெப்பில் இறங்கி, கவுண்டரின் டவுன்லோட்ஸில் தங்கிவிடுகிறது. வாட்ஸ்அப் வெப்பையும் ஒரு கெஸ்டுக்குள் ஓட்டி, இரவில் லாக்அவுட் செய்துவிட்டால் கணினியில் சேர்வது அன்றன்றே தீரும். அதற்காக ஒவ்வொரு நாளும் காலையில் போனை எடுத்துக் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்ய வேண்டியிருக்கும். போனில் உள்ள உரையாடல்களைத் தனியாகத்தான் அழிக்க வேண்டும்.

எல்லாவற்றையும் துடைத்துவிட்டால் சட்டம் என்ன சொல்லும் என்ற கேள்வி நியாயமானது. சைபர் கஃபேக்களுக்கான 2011ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகளின்படி, வருகிறவரின் அடையாள ஆவணத்தைச் சரிபார்க்க வேண்டும். பெயர், முகவரி, எந்தக் கணினி, எப்போது உட்கார்ந்தார், எப்போது எழுந்தார் என்பதைப் பதிவேட்டில் எழுதி ஓராண்டு காக்க வேண்டும். பார்த்த இணையதளங்களின் விவரமும் ப்ராக்ஸி பதிவும் ஓராண்டு இருக்க வேண்டும். கெஸ்டின் பிரவுசர் வரலாற்றை நம்பினால் இது நடக்காது, லாக்அவுட்டோடு போய்விடும். அதனால் கவுண்டரில் ஸ்க்விட் போன்ற ப்ராக்ஸி ஒன்றை வைத்து எல்லாப் போக்குவரத்தையும் அதன் வழியே விட வேண்டும். எந்தக் கணினி, எத்தனை மணிக்கு, எந்தத் தளத்துக்குப் போனது என்று அது எழுதிவைக்கும். பூட்டுக்குறி போட்ட தளங்களில் தளத்தின் பெயர் மட்டுமே பதிவாகும். உள்ளே என்ன படித்தார், என்ன தட்டினார் என்பது பதிவாகாது. வாடிக்கையாளரின் அந்தரங்கமும் காவல்துறை கேட்கும் பதிவும் இப்படி வேறு வேறு இடங்களில் இருக்க முடியும். அந்தப் பதிவுக் கோப்புக்குப் பூட்டும், ஓராண்டு தாண்டியதை நீக்கும் ஒழுங்கும் வேண்டும் என்பது கடைக்காரரின் பொறுப்பு.

ஏற்பாடு சரியாக இருக்கிறதா என்று அறிவது எளிது. கெஸ்டின் டெஸ்க்டாப்பில் ஒரு கோப்பை உருவாக்கிவிட்டு லாக்அவுட் செய்து பார்க்க வேண்டும். பிறகு இன்னொன்றை உருவாக்கி, உள்ளிருந்து ரீஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். இரண்டு முறையும் கோப்பு காணாமல் போக வேண்டும். மூலக்கோப்பில் யாரும் கை வைக்கவில்லை என்பதை உறுதிசெய்ய, புதுப்பித்த அன்று `sha256sum /srv/base.qcow2` கொடுத்து வரும் நீண்ட எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டு, கடை திறக்கும்போது ஒப்பிட்டால் போதும். ஓர் எழுத்து வேறுபட்டாலும் அந்தக் கணினியில் யாரையும் உட்காரவைக்கக் கூடாது.

விசைப்பலகை வயருக்கும் கணினிக்கும் நடுவே யாரோ சொருகிவிட்டுப் போன சிறு கருவி, தட்டும் எழுத்துகளைச் சேகரிப்பதை இந்த எந்த ஏற்பாடும் தடுக்காது. அதற்குக் கணினியின் பின்பக்கத்தைக் கண்ணால் பார்ப்பதுதான் வழி. லாக்அவுட் செய்யாமலே எழுந்து போகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள்தான் அதிகம். அதனால் பதிவேட்டில் வெளியேறிய நேரத்தை எழுதும் அதே கையால், கவுண்டரிலிருந்தே அந்தக் கணினியின் கெஸ்டை நிறுத்திவிட வேண்டும். நாற்காலியில் அடுத்தவர் உட்கார்வதற்குள் புதிய கெஸ்ட் திரையில் வந்து நிற்கும்.