டிவியின் காதை அடைப்பது எப்படி?

ஸ்மார்ட் டிவி வாங்கியவர்கள் பலருக்கும் முதலில் சந்தேகம் வருவது ரிமோட் மேல்தான். மைக் படம் போட்ட பட்டன் கண்ணெதிரே இருக்கிறதே! ஆனால் ரிமோட்டில் உள்ள மைக், பெரும்பாலான மாடல்களில், அந்தப் பட்டனை அழுத்தினால்தான் வேலை செய்யும். இரண்டு சின்ன பேட்டரியை வைத்துக்கொண்டு நாள் முழுக்க அதனால் ஒட்டுக்கேட்க முடியாது. நாம் கவலைப்பட வேண்டியது டிவிக்குள்ளேயே பொருத்தப்பட்டிருக்கும் இன்னொரு மைக்கைப் பற்றித்தான்.

எல்லா டிவியிலும் அது இருக்காது. ரிமோட்டைத் தொடாமலே, சோபாவில் உட்கார்ந்தபடி "ஹே கூகுள்", "அலெக்ஸா", "ஹாய் பிக்ஸ்பி" என்று கூப்பிட்டால் பதில் சொல்லும் டிவிகளில் மட்டுமே இருக்கும். கூப்பிடும் சொல் எப்போது வரும் என்று தெரியாததால் அந்த மைக் விழித்தே இருந்தாக வேண்டும். கடைசிச் சில விநாடிகளின் சத்தத்தை டிவி தனக்குள்ளேயே வைத்துப் பார்த்து, அழித்து, மறுபடி பார்த்துக்கொண்டிருக்கும். கூப்பிடும் சொல் கேட்டதாக அதற்குத் தோன்றிய மறுகணம், அடுத்து நாம் பேசுவது இணையம் வழியாக நிறுவனத்தின் சர்வருக்குப் போகும். ரிமோட்டால் டிவியை அணைத்த பிறகும் இது நடக்கலாம். குரலாலேயே டிவியைப் போட முடிகிறது என்றால், அணைந்திருந்தபோதும் அது கேட்டுக்கொண்டிருந்தது என்றுதானே பொருள்?

சிக்கல் அந்தத் "தோன்றிய" என்ற இடத்தில்தான் இருக்கிறது. 2019 ஜூலையில் பெல்ஜியத்தின் விஆர்டி ஒளிபரப்பு நிறுவனம், கூகுள் அசிஸ்டன்ட் பதிவுசெய்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட குரல் துண்டுகளைக் கேட்டது. அவற்றில் 153, யாரும் கூப்பிடாமலே பதிவானவை. படுக்கையறைப் பேச்சும் குடும்பச் சண்டையும் அதில் இருந்தன. குரலறியும் திறனைச் சரிபார்ப்பதற்காக ஒப்பந்த ஊழியர்கள் அவற்றைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். அவை ஸ்பீக்கரிலும் போனிலும் பதிவானவைதான். ஆனால் டிவியில் இருப்பதும் அதே அசிஸ்டன்ட், அதே முறை. அதோடு டிவி தன் சத்தத்தையே கேட்டு ஏமாறும் வாய்ப்பும் உண்டு.

என் அக்கா வீட்டில் அதுதான் நடந்தது. சீரியல் ஓடிக்கொண்டிருக்கும்போது திரையின் கீழே வண்ணக் கோடு ஒன்று தானாக எழும்பி மறையும். "நான் ரிமோட்டையே தொடலடா, இது யாரைக் கேட்டு முழிச்சுக்குது?" என்றாள். அது கூகுள் டிவி. முதலில் திரையின் கீழ்விளிம்பைக் கையால் தடவிப் பார்த்தேன். நடுவில், கம்பெனிச் சின்னத்துக்குப் பின்பக்கமாக, நகத்தால் தள்ளக்கூடிய சின்ன சுவிட்ச் தட்டுப்பட்டது. பக்கத்தில் குண்டூசி முனை அளவில் துளைகள். மைக்குக்குச் சத்தம் போகும் வழி அவைதான். சுவிட்சைத் தள்ளியதும் மைக் அணைந்துவிட்டதாகத் திரையில் ஒரு வரி வந்தது, கீழே சிறு விளக்கு நிறம் மாறி எரிந்தது. "ஹே கூகுள்" என்று மூன்று பேரும் மாறி மாறிக் கூப்பிட்டுப் பார்த்தோம். அசையவில்லை.

சில மாடல்களில் சுவிட்ச் பின்புறம் இருக்கும். சுவிட்சே இல்லாவிட்டால் மெனுவில்தான் அணைக்க வேண்டும். புதிய கூகுள் டிவிகளில் Settings போய், Privacy திறந்தால், Microphone என்றும் Camera என்றும் வரிகள் இருக்கும். உள்ளே Microphone access என்பதை அணைத்தால் எந்தச் செயலிக்கும் மைக் கிடைக்காது. சில டிவிகளில் ரிமோட்டின் மைக்குக்கு அங்கேயே தனி வரி இருக்கும்; ஒன்றை அணைத்துவிட்டு மற்றதை மறந்துவிடக் கூடாது. சாம்சங் டிவியில் General & Privacy பகுதியில் Voice என்பதற்குள் Voice Wake-up இருக்கிறது. ஆண்டுக்கு ஆண்டு இந்தப் பெயர்கள் கொஞ்சம் இடம் மாறும். Voice, Privacy என்ற இரண்டு சொற்களைத் தேடினால் பெரும்பாலும் பிடித்துவிடலாம்.

சுவிட்ச், மெனு இரண்டும் இருந்தால் சுவிட்சையே நம்புங்கள். மெனு என்பது மென்பொருள். மென்பொருளை இன்னொரு மென்பொருள் மாற்ற முடியும். 2017 மார்ச்சில் விக்கிலீக்ஸ் வெளியிட்ட சிஐஏ ஆவணங்களில் "வீப்பிங் ஏஞ்சல்" என்ற கருவி இருந்தது. சாம்சங்கின் 2013 மாடல்கள் சிலவற்றுக்காகச் செய்யப்பட்டது. டிவி அணைந்ததுபோல் திரையை இருட்டாக்கிவிட்டு, மைக்கை மட்டும் ஓடவிடும். அதை யுஎஸ்பி வழியாக நேரில் வந்து ஏற்ற வேண்டியிருந்தது என்பதால் சாதாரண வீடுகள் அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் திரை இருட்டாக இருப்பதால் மட்டும் டிவி தூங்குகிறது என்று முடிவுகட்ட முடியாது என்பதற்கு அது நல்ல சாட்சி. ஊருக்குப் போகும்போதும் முக்கியமான பேச்சு நடக்கும்போதும் சுவரிலுள்ள சுவிட்சையே அணைத்துவிடுவது எல்லா டிவிக்கும் பொருந்தும் வழி.

இனி ரிமோட். குழந்தைகள் பட்டனை அழுத்திப் பேசுவது பிடிக்கவில்லை என்றால் ஒரு வழி இருக்கிறது. குரல் ரிமோட்டிலிருந்து டிவிக்கு ப்ளூடூத்தில் போகிறது. Remotes & Accessories பகுதியில் ரிமோட்டின் பெயரைத் தேர்ந்து Forget கொடுத்தால் அந்த இணைப்பு அறுந்துவிடும். பழைய அகச்சிவப்புக் கதிர் வழியும் உள்ள ரிமோட்டாக இருந்தால் ஒலி, சேனல், பவர் பட்டன்கள் அதன் பிறகும் வேலை செய்யும். டிவியை நேராகப் பார்த்து நீட்ட வேண்டும், அவ்வளவுதான். ஃபயர் டிவி ஸ்டிக் போன்றவற்றில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். ஸ்டிக்கில் அகச்சிவப்பு வாங்கி கிடையாது. இணைப்பு போனால் ரிமோட்டே பயன்படாது.

கேமராவை மூடுவது இதைவிட எளிது. இன்று டிவியோடு வரும் கேமராக்களில் பல, மேல்விளிம்பில் தனியாகப் பொருத்துபவை. வீடியோ அழைப்பு முடிந்ததும் கழற்றி வைத்துவிடலாம். திரைக்குள் பதித்த கேமரா என்றால் கறுப்பு டேப் போதும். அமெரிக்க எஃப்பிஐயின் ஓரிகன் கிளையே 2019-இல் மக்களுக்குச் சொன்ன யோசனை அது. ஆனால் டேப் ஒட்டினால் கண்தான் மூடும். அதே கேமராவில் மைக்கும் இருந்தால் அது கேட்டுக்கொண்டுதான் இருக்கும்.

இதையெல்லாம் செய்தாலும் தீராத ஒன்று உண்டு. நீங்கள் என்ன பார்க்கிறீர்கள் என்பதைத் திரையில் ஓடும் படத்தை வைத்தே டிவி கண்டுபிடிக்கும். அதற்கு மைக் தேவையே இல்லை. இதை மக்களுக்குச் சொல்லாமல் செய்ததற்காக விசியோ நிறுவனம் 2017-இல் அமெரிக்காவில் 22 லட்சம் டாலர் கட்டியது. அதை நிறுத்த, முதல்நாள் அவசரத்தில் "சம்மதம்" கொடுத்த ஒப்பந்தங்களின் பட்டியலுக்குப் போய், Viewing Information போன்ற வரிகளில் டிக்கை எடுக்க வேண்டும். ஏற்கெனவே சேர்ந்துவிட்ட குரல் பதிவுகளும் மைக்கை அணைப்பதால் அழியாது. கூகுள் என்றால் myactivity.google.com, அலெக்ஸா என்றால் அதன் செயலியில் உள்ள Alexa Privacy போய் நீங்களே அழிக்க வேண்டும்.

சர்வீஸ்காரர் வந்து டிவியை ஃபேக்டரி ரீசெட் செய்துவிட்டுப் போனால், மெனுவில் நீங்கள் அணைத்ததெல்லாம் பழையபடி ஆகிவிடும். அவர் கிளம்பிய அன்றே ஒருமுறை சத்தமாக "ஹே கூகுள்" என்று கூப்பிட்டுப் பாருங்கள்.