ஆறாவது பத்தியில் இருந்த கோரிக்கை

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் மொத்தம் 24 வீடுகள். சங்கச் செயலாளர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு சனிக்கிழமை காலை படியேறி வந்து கையில் இருந்த போனை என்னிடம் நீட்டினார்.

“தம்பி, லிஃப்ட் ரோப் மாத்தணும்னு எல்லாருக்கும் மெயில் போட்டு ஒரு வாரம் ஆச்சு. மூணு பேர்தான் பதில் போட்டிருக்காங்க. அதுலயும் ரெண்டு பேர் ‘நன்றி, பார்த்தேன்’னு போட்டிருக்காங்க. இதை வெச்சு நான் என்ன செய்யறது?”

அந்த மின்னஞ்சல் எனக்கும் வந்திருந்தது, நானும் பதில் போடவில்லை. மறுபடி திறந்து பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. மொத்தம் ஒன்பது பத்திகள். முதல் பத்தியில் வணக்கமும் நலம் விசாரிப்பும் இருந்தன. அடுத்து லிஃப்ட் வாங்கிய வரலாறு. பிறகு மெக்கானிக் சோதித்தபோது ரோப்பின் கம்பி இழைகள் அங்கங்கே அறுந்திருந்த விவரம், மூன்று நிறுவனங்கள் கொடுத்த விலை. ஆறாவது பத்தியின் கடைசியில்தான் ஆளுக்கு எவ்வளவு, எந்தத் தேதிக்குள் சம்மதம் சொல்ல வேண்டும் என்று இருந்தது. போனில் நான்கைந்து முறை விரலால் தள்ளினால்தான் அந்த இடம் வரும். ‘நன்றி’ என்று பதில் போட்ட இருவரும் அதுவரை போயிருக்க மாட்டார்கள். மின்னஞ்சலில் கோரிக்கை கண்ணில் படவில்லை என்பதற்கு இப்படிப்பட்ட பதில்தான் அடையாளம். படித்ததாகச் சொல்வார்கள், கேட்டதைச் செய்திருக்க மாட்டார்கள்.

போனில் மின்னஞ்சலைத் திறப்பதற்கு முன்பே பாதி முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது. பட்டியலில் தெரிவது அனுப்பியவர் பெயர், தலைப்பில் முதல் சில சொற்கள், அவற்றின் கீழே மங்கலான எழுத்தில் உள்ளடக்கத்தின் தொடக்கம், இவ்வளவுதான். ஐபோனின் மெயில் செயலி இந்தத் தொடக்கத்தை வழக்கமாக இரண்டு வரி காட்டும். வேண்டுமானால் ஐந்து வரி வரை கூட்டிக்கொள்ளலாம். போனில் ஜிமெயில் பெரும்பாலும் ஒரே வரிதான் காட்டுகிறது. தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளைவிட அகலம் என்பதால் அந்த ஒரு வரியில் நான்கைந்து சொற்களுக்கு மேல் அடங்குவதில்லை. செயலாளரின் மின்னஞ்சலில் அந்த இடத்தை ‘அன்புள்ள உறுப்பினர்கள் அனைவருக்கும் பணிவான’ என்ற சொற்கள் பிடித்துக்கொண்டிருந்தன. தலைப்பில் ‘குடியிருப்போர் நலச் சங்கத்தின் முக்கிய’ என்பதோடு வரி அறுந்துபோனது. லிஃப்ட் என்ற சொல்லே வெளியில் தெரியவில்லை.

இருவரும் உட்கார்ந்து திருத்தினோம். முதலில் கோரிக்கை இருந்த வாக்கியத்தைத் தேடிப் பிடித்து அப்படியே வெட்டி மேலே ஒட்டினார். வேலை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். அவர் அதைத் தன் முகவரிக்கே அனுப்பிப் பார்த்தார். போனில் தெரிந்தது இது: ‘கடந்த 2-ம் தேதி நடந்த செயற்குழுக்...’

முழு வாக்கியத்தைப் பார்த்தால் ஏன் இப்படி ஆனது என்று தெரியும். ‘கடந்த 2-ம் தேதி நடந்த செயற்குழுக் கூட்டத்தில் மூன்று நிறுவனங்களின் விலைப்புள்ளிகளைப் பரிசீலித்து இரண்டாவது நிறுவனத்தினுடையதை ஏற்பது என முடிவானதால், ஒவ்வொரு வீட்டினரும் தங்கள் பங்கான ரூ.6,500-க்கு வரும் 14-ம் தேதிக்குள் சம்மதம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.’

மின்னஞ்சல் எழுதுவது பற்றிய ஆங்கிலக் குறிப்புகள் கோரிக்கையை முதல் வாக்கியத்தில் வை என்பதோடு நிறுத்திக்கொள்கின்றன. அமெரிக்க ராணுவத்தின் கடித விதிகள்கூட முக்கியமான சங்கதியை முதலில் சொல்லச் சொல்கின்றன. ஆங்கிலத்துக்கு அது போதும், ஏனென்றால் அங்கே வினை முன்னாலேயே வந்துவிடும். தமிழில் வினை கடைசியில் வரும். காரணம், தேதி, முடிவு என்று எல்லாவற்றையும் எச்சங்களாகக் கோத்துக்கொண்டே போய், கடைசிச் சொல்லில்தான் என்ன செய்ய வேண்டும் என்று சொல்வோம். ஆகவே கோரிக்கை முதல் வாக்கியத்திலேயே இருந்தாலும், அந்த வாக்கியம் நீண்டால் கேட்பது திரைக்கு வெளியே போய்விடும். வாக்கியத்தை மேலே ஏற்றினால் மட்டும் போதாது, அதை உடைக்கவும் வேண்டும்.

உடைத்தோம். ‘முடிவானதால்’ வரைக்கும் உள்ள பகுதி காரணம், அது கீழே போனது. ‘கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ என்பதில் யார் யாரிடம் கேட்கிறார்கள் என்பதே மறைந்துவிடுவதால் அதை ‘பதில் போடுங்கள்’ என்று நேராக்கினோம். பதிலாக என்ன எழுத வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டோம். இல்லையென்றால் மறுபடியும் ‘நன்றி’தான் வரும். கடைசியில் வந்தது இது:

தலைப்பு: லிஃப்ட் ரோப்: 14-க்குள் சம்மதம் தேவை

‘வணக்கம். லிஃப்ட் ரோப் மாற்ற வீட்டுக்கு ரூ.6,500 ஆகும். உங்களுக்குச் சம்மதமா? 14-ம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் ‘சம்மதம்’ அல்லது ‘சம்மதமில்லை’ என்று இதற்கே பதில் போடுங்கள்.’

இதற்குக் கீழே மூன்று சிறு பத்திகள் மட்டும் இருந்தன. ரோப்பை ஏன் மாற்ற வேண்டும் என்பது ஒன்று. மொத்தச் செலவு ரூ.1,56,000, அதை 24 வீடுகளுக்குச் சமமாகப் பிரித்திருக்கிறோம் என்பது அடுத்தது. இரண்டாவது நிறுவனத்தை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்பது கடைசி. மூன்று விலைப்புள்ளிகளையும் இணைப்பாகச் சேர்த்தோம். லிஃப்ட் வாங்கிய வரலாற்றை எடுத்துவிட்டோம், சம்மதம் சொல்ல அது யாருக்கும் வேண்டியிருக்காது. நிறுவனத்தைத் தேர்ந்த காரணத்தை மட்டும் எடுக்க நான் ஒப்பவில்லை. பணம் கொடுக்கப்போகிறவருக்கு அந்தக் கேள்வி கட்டாயம் வரும். விளக்கத்தை வெட்டித் தள்ளுவதில் அளவு வேண்டும், சந்தேகப்படுகிறவர் கீழே தேடும்போது விடை கிடைக்க வேண்டும்.

கார் நிறுத்தும் இடம் பற்றியும் பழைய மின்னஞ்சலில் ஒரு கோரிக்கை இருந்தது. அதைத் தனி மின்னஞ்சலாக்கச் சொன்னேன். ஒரு திரையில் இரண்டு கேள்வி இருந்தால் எளிதானதற்கு மட்டும் பதில் வரும் என்று அலுவலகத்தில் பல தடவை பார்த்திருக்கிறேன். அதேபோல பழைய மின்னஞ்சலையே ‘மீண்டும் நினைவூட்டல்’ என்று முன்னனுப்பவும் வேண்டாம் என்றேன். தலைப்பின் முதல் இடத்தை ‘Fwd:’ பிடித்துக்கொள்ளும், நாம் புதிதாக ஒன்றும் எழுதாவிட்டால் உள்ளேயும் முதலில் நிற்பது பழைய அனுப்புநர் விவரமாகத்தான் இருக்கும்.

செயலாளருக்கு ஒரு மனக்குறை இருந்தது. “எடுத்த எடுப்புல பணம் கேக்கற மாதிரி இல்ல? வயசுல பெரியவங்க இருக்காங்க, மரியாதையா இருக்க வேணாமா?” என்றார். நியாயமான கேள்வி. சிறு வயதில் நாம் எழுதப் பழகிய அலுவல் கடிதத்தில் ‘பொருள்’ என்று ஒரு வரி இருக்கும். ஐயாவும் பணிவும் இருக்கிற அதே கடிதத்தில், என்ன கேட்கிறோம் என்பதை அந்த வரி முன்கூட்டியே சொல்லிவிடும். அதை யாரும் மரியாதைக் குறைவாக நினைத்ததில்லை. எல்லாக் கடிதத்துக்கும் இது பொருந்தாது என்பதும் உண்மை. துக்கம் விசாரிக்கும்போதும் ஒருவரின் விண்ணப்பத்தை மறுக்கும்போதும் முதல் வரியில் விஷயத்தைப் போட்டு உடைக்க நான் மாட்டேன். இது ஒரு சொல்லில் பதில் வாங்க வேண்டிய கடிதம்.

அவர் யோசித்துவிட்டு, முதலில் ‘வணக்கம்’ மட்டும் இருக்கட்டும் என்று ஒப்புக்கொண்டார். ‘தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமுடன் இருக்க வேண்டுகிறேன்’ என்ற வரியைத் தன் கையெழுத்துக்கு மேலே கொண்டுபோய் வைத்தார். மறுபடியும் தனக்கே அனுப்பி, திறக்காமல் பட்டியலில் பார்த்தார். ‘வணக்கம். லிஃப்ட் ரோப் மாற்ற வீட்டுக்கு’ வரை தெரிந்தது. மேலே தலைப்பில் தேதி இருந்தது. பிறகுதான் எல்லோருக்கும் அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை இரவுக்குள் 19 வீட்டிலிருந்து பதில் வந்திருந்தது. அதில் ஒன்று ‘சம்மதமில்லை’. முதல் நிறுவனத்தின் விலை குறைவாக இருக்கிறதே, அதை ஏன் விட்டீர்கள் என்று மூன்றாம் மாடிக்காரர் விளக்கம் கேட்டிருந்தார். செயலாளர் அதை என்னிடம் காட்டி, “இவர் இணைப்பைத் திறந்து பார்த்திருக்கார், தம்பி” என்றார். அவருக்குப் பதில் எழுத அப்போதே உட்கார்ந்துவிட்டார்.