தண்ணீர் எண்ணெயைச் சூடேற்றும் இடம்

ஆலைகளில் சூடான எண்ணெயைத் தண்ணீரால் குளிர்விக்கும் நீண்ட உருளையை எக்ஸ்சேஞ்சர் என்பார்கள். வெளிக்கூடு ஷெல், உள்ளே கட்டுக்கட்டாக டியூப்கள். எண்ணெய் ஷெல்லின் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேறும். தண்ணீரோ பாதி டியூப்களில் ஓடி, கோடியில் திரும்பி, மீதிப் பாதி வழியாகப் புறப்பட்ட முனைக்கே வந்துவிடும். இதில் ஒரு சங்கடம் உண்டு. ஒரு பாதியில் தண்ணீர் எண்ணெய்க்கு எதிராக ஓடினால், மறுபாதியில் எண்ணெயோடு சேர்ந்தே ஓடும்.

எவ்வளவு டியூப் பரப்பு வேண்டும் என்று கணக்கிட, இரண்டு திரவங்களுக்கும் இடையே இருக்கும் வெப்பநிலை வித்தியாசத்தின் சராசரி தேவை. இரு முனைகளின் வித்தியாசங்களையும் வைத்து மடக்கைக் கணக்கால் எடுக்கும் அந்தச் சராசரி, இரண்டும் முழுக்க எதிரெதிராக ஓடினால் அப்படியே பொருந்தும். திரும்பி வரும் ஓட்டத்துக்காக அதை ஒன்றுக்குக் குறைந்த ஓர் எண்ணால் பெருக்குகிறார்கள். அதுதான் திருத்தக் காரணி. பட்டறைப் பேச்சில் ‘எஃப்’. போமன், முல்லர், நேகிள் மூவரும் 1940இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் இதழில் இதற்கான வரைபடங்களைத் தொகுத்து வெளியிட்டார்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்ணெய் 100 டிகிரியிலிருந்து 60க்கு இறங்க வேண்டும். எடுக்க வேண்டிய வெப்பம் 400 கிலோவாட். ஒரு சதுர மீட்டர் பரப்பு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 400 வாட் கடத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் 30 டிகிரியில் நுழைகிறது. தாராளமாகத் தண்ணீர் விட்டு, அது 45 டிகிரியில் வெளியேறினால், எஃப் 0.94. திருத்தாமல் கணக்கிட்டால் 24.2 சதுர மீட்டர், திருத்தினால் 25.9. இந்த வித்தியாசத்துக்காக யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

தண்ணீரைச் சிக்கனப்படுத்தி, அது 60 டிகிரியில், அதாவது எண்ணெய் வெளியேறும் அதே வெப்பநிலையில், வெளியேறும்படி செய்தால் எஃப் 0.80. 28.8 என்று வந்த பரப்பு 35.8 ஆகிறது. இன்னும் சிக்கனம் பிடித்து 70க்குக் கொண்டுபோனால் எஃப் 0.53தான். திருத்தாத கணக்கு 33.3 சதுர மீட்டர் போதும் என்கிறது. உண்மையில் வேண்டியது 62.3. அடுத்து 72 டிகிரி. மடக்கைச் சராசரி அப்போதும் 29 டிகிரி என்று ஆரோக்கியமாகத்தான் தெரிகிறது. ஆனால் திரும்பி வரும் ஓட்டத்தில் இந்த வேலை நடக்கவே நடக்காது. எத்தனை ஆயிரம் சதுர மீட்டர் டியூப் வைத்தாலும் தண்ணீர் 72ஐத் தொடாது.

ஏன்? தண்ணீரின் வாசல்கள் இரண்டும் ஒரே முனையில். எண்ணெய் வெளியேறுவதும் அந்த முனையில் என்றால், 60 டிகிரி எண்ணெய்க்குப் பக்கத்தில் 70 டிகிரி தண்ணீர் ஓடுகிறது. அங்கே தண்ணீர் எண்ணெயைக் குளிர்விக்கவில்லை, சூடேற்றுகிறது. முதல் பாதை எடுத்த வெப்பத்தை இரண்டாம் பாதை திருப்பிக் கொடுக்கிறது. கூடுதலாகச் சேர்க்கும் பரப்பில் பெரும்பகுதி இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கே போய்விடும். எண்ணெயை எதிர்முனைக்கு மாற்றி விட்டாலும், இந்தக் கணக்கின் அனுமானங்களுக்குள், எஃப் மாறுவதில்லை.

அதனால்தான் 0.8க்குக் கீழே போகாதே என்று வடிவமைப்பாளர்கள் சொல்வார்கள், சிலர் 0.75 வரை விடுவார்கள். 0.75 என்ற எண்ணில் மந்திரம் ஒன்றும் இல்லை. அதற்குக் கீழே வளைகோடு செங்குத்தாக விழுகிறது, வெப்பநிலை ஓரிரு டிகிரி பிசகினாலே பரப்பு எகிறிவிடும் என்பதுதான் காரணம்.

பரப்பைக் கூட்டுவதைவிட ஷெல்லைப் பிரிப்பது நல்லது. அதே 70 டிகிரி வேலையை, வரிசையாக இணைத்த இரண்டு ஷெல்களுக்குக் கொடுங்கள். எண்ணெய் முதலில் 80க்கும் பிறகு 60க்கும் இறங்கும். தண்ணீர் எதிர்த்திசையில் 50க்கும் பிறகு 70க்கும் ஏறும். எந்த ஷெல்லிலும் வெளியேறும் தண்ணீர் வெளியேறும் எண்ணெயைவிடச் சூடாக இல்லை. எஃப் 0.92க்கு ஏறுகிறது, மொத்தப் பரப்பு 36.2 போதும். இரண்டு கூடுகளும் குழாய் இணைப்புகளும் செலவுதான், ஆனால் 26 சதுர மீட்டர் டியூப் மிச்சம்.

வேறோர் இடத்திலும் இந்த எண் ஆளைக் கவிழ்க்கும். அந்த 62.3 சதுர மீட்டர் எக்ஸ்சேஞ்சர் சரியாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. பராமரிப்புப் பிரிவில் ஒருவர் நான்கு வெப்பநிலைகளையும் குறித்து, எஃப்பை மறந்து, கடத்தும் திறனைக் கணக்கிடுகிறார். 400 இருக்க வேண்டிய இடத்தில் 214 வருகிறது. ‘டியூப்பில் அழுக்கு அடைத்துவிட்டது’ என்று ஆலையை நிறுத்திக் கழுவினால், கழுவிய பிறகும் அதே 214தான் வரும்.

நீராவி திரவமாக மாறும் கண்டென்ஸரில், நீராவிப் பக்கம் வெப்பநிலை மாறுவதே இல்லை. தண்ணீர் எந்தத் திசையில் ஓடினாலும் ஒன்றுதான் என்பதால் எஃப் சரியாக 1. அங்கே பழக்கதோஷத்தில் 0.8 போட்டுப் பெருக்கினால், வேண்டாத டியூப்களுக்குப் பணம் கட்டுகிறோம்.