இரண்டு வரி வாழ்க்கைக் குறிப்பை ஒரு பக்கமாக்குவது எப்படி?

பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு ஓர் அறிஞரின் வாழ்க்கைக் குறிப்பை ஒரு பக்கத்தில் எழுதிவரச் சொல்கிறார்கள். கையில் இருப்பதோ இரண்டே வரி:

"மர்ஹூம் ஏ.எம்.ஏ. அஸீஸ் (1911–1973) யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்தவர். இலங்கையின் முதலாவது முஸ்லிம் சிவில் சேவை அதிகாரி. கொழும்பு ஸாஹிராக் கல்லூரி அதிபர்."

"சமுதாயத்தின் விடிவெள்ளி, தன்னலமற்ற சேவையாளர்" என்று அடுக்கினால் பக்கம் நிறைந்துவிடும். ஆனால் அந்த வாக்கியத்தில் அஸீஸின் பெயரை எடுத்துவிட்டு வேறொருவர் பெயரை வைத்துப் பாருங்கள். அப்போதும் பொருந்துகிறதா? அப்படியானால் அது வெறும் நிரப்பல், அடித்துவிடுங்கள்.

பிறகு இருக்கும் வரிகளையே கேள்வி கேளுங்கள். "வண்ணார்பண்ணையில் பிறந்தவர்" என்றால், எங்கே படித்தார்? அல்லாப்பிச்சைப் பள்ளியிலும், பின்னர் வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும், யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் படித்தார். இந்துப் பாடசாலைகளில் தமிழ் கற்ற அந்த முஸ்லிம் பிள்ளைதான் பிற்காலத்தில் 'இலங்கையில் இஸ்லாம்' என்ற நூலைத் தமிழில் எழுதினார். பாருங்கள், முதல் பந்தி கிடைத்துவிட்டது.

"சிவில் சேவை அதிகாரி" என்றால், எப்போது, எங்கே, என்ன செய்தார்? 1935இல் சேவையில் சேர்ந்தார். உலக யுத்தக் காலத்தில், 1942இல், உணவு உற்பத்தியைப் பெருக்கக் கல்முனைக்கு அனுப்பப்பட்டார். அங்கே முஸ்லிம் பிள்ளைகளின் கல்விக்காக ஒரு சங்கம் அமைத்தார். 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை நிறுவினார். இது இரண்டாம் பந்தி.

"அதிபர்" என்றால், எத்தனை ஆண்டுகள்? 1948இல் சிவில் சேவையை விட்டு ஸாஹிராவைப் பொறுப்பேற்று, 1961வரை நடத்தினார். பெரிய அரசாங்க உத்தியோகத்தை விட்டு ஏன் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். "சமுதாயத்தின் நிலை கண்டு கண்ணீர் வடித்தார்" என்று தாமாகவே எழுதிவிடுகிறார்கள். அவர் கண்ணீரை நாம் கண்டோமா? கல்முனைச் சங்கத்தையும் 1945ஆம் ஆண்டு நிதியையும் அதற்கு முன்னால் வைத்தாலே போதும், காரணம் வாசகருக்குத் தானாக விளங்கும்.

முடிவுக்கு ஒரு செய்தி. 1980இல், திருநெல்வேலியில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அவருக்கு இலக்கியக் கலாநிதிப் பட்டம் வழங்கியது. இதனைப் "பட்டம் பெற்றார்" என்று எழுதிவிடாதீர்கள். அவர் வஃபாத்தாகி ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. "மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது" என்பதே சரி. ஆண்டுகளைப் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் இத்தகைய பிழை உடனே தெரியும்.

உங்கள் உம்மாவைப் பற்றி எழுதினாலும் இதே வழிதான். "பொறுமைசாலி" என்று எழுதாதீர்கள். எந்த ஆண்டில், எந்த வீட்டில், எதைப் பொறுத்தார் என்று பெரியம்மாவிடம் கேட்டு எழுதுங்கள். அவருக்கும் தெரியாததை விட்டுவிடுங்கள். பக்கம் சற்றுக் குறைந்தாலும் மர்ஹூம்களின் பேரில் பொய் சேராது.